வாய்க்குள் வந்த தண்ணீர்

தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில், பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் நோன்பு திறப்பு. ஜமாஅத்தார் தெருக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் முன்னும் மூன்று பேரீச்சம்பழம், ஒரு வடை, கிண்ணம் நிறைய நோன்புக் கஞ்சி. பச்சரிசிக் குறுணையும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் சேர்த்து, மதியத்திலிருந்து அண்டாவில் கிண்டிய கஞ்சி. பாங்கு சொல்ல இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அப்போதுதான் அந்த இளைஞரைப் பேசச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவர்.

அவர் பசியைப் பற்றித் தொடங்கவில்லை. தண்ணீரைப் பற்றித் தொடங்கினார்.

"தொழுகைக்கு முன்னாடி ஒளு செய்வோம். அதுல மூணு தடவை வாய் கொப்பளிக்கணும். மத்தியானம் ரெண்டு மணி, தொண்டை காஞ்சு கிடக்கும். தண்ணி வாய்க்குள்ளயே வந்துடுது. ஒரு மடக்கு உள்ள போனா பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியாது. ஆனா துப்பிடுறோம். எனக்கு நோன்புன்னா அந்தத் துப்புறதுதான்."

மண்டபம் அமைதியானது. விரதத்தை இவ்வளவு சின்ன இடத்தில் வைத்து நான் யோசித்ததில்லை. தொழுகையைப் பிறர் பார்க்கலாம், தர்மத்தையும் பார்க்கலாம். நோன்பு இருக்கிறதா இல்லையா என்பது இருப்பவருக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரியும். மறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டால்கூட நோன்பு முறியாது. நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டு தொடரலாம். தெரிந்தே விழுங்கும் ஒரு மடக்குதான் கணக்கு.

பிறகு அவர் தன் நன்னியின் கதைக்கு வந்தார். இருபது வருடச் சர்க்கரை நோயாளி. "இந்த வருஷம் வேணாம் நன்னி" என்று வீட்டில் எல்லாரும் சொல்லியும் பிடிவாதமாக நோன்பு வைத்தவர். ஆறாம் நோன்பன்று நாலரை மணிக்குக் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது, பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்க்கக் கூப்பிட்டால், ரத்தம் வந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று கையை மடக்கிக்கொண்டாராம். "முறியாது நன்னின்னு இமாமே வந்து சொன்ன பிறகுதான் கையை நீட்டுனாங்க. மீட்டர்ல 58."

சஹரில் சாப்பிட்டதன் சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். நல்ல உடம்புக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு அது போதும். ஆனால் இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, உணவு வராவிட்டாலும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் நோன்பு முடியப்போகும் சாயங்காலத்தில் சர்க்கரை சரிகிறது. 70-க்குக் கீழே போனால், பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தாலும், உடனே முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. 300-க்கு மேலே போனாலும் அப்படியே.

"நன்னி அழுதாங்க" என்றார் இளைஞர். "இன்னும் ரெண்டு மணி நேரம்தானே, பொறுத்திருப்பேனேன்னு அழுதாங்க. இமாம் சொன்னாரு: 'நோயாளிக்கு விலக்கு கொடுத்ததும் அதே அல்லாஹ்தான்மா. அதை வாங்கிக்கிறதும் வணக்கம்தான்.' சர்க்கரைத் தண்ணி குடிச்சாங்க. இப்பல்லாம் நோன்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துடுறோம்."

பயணத்தில் இருப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்கும் இப்படி விலக்கு உண்டு. அவர்கள் விட்ட நோன்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குணமாகாத நோயுள்ளவர் நன்னியைப் போல உணவு கொடுத்து ஈடு செய்யலாம்.

எதிர்வரிசையில் இருந்த எங்களைப் பார்த்து அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "சஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிற அம்மா உங்க வீட்லயும் இருப்பாங்க. தவக்காலத்துல ஒருவேளை விடுற தாத்தா இருப்பாரு. யாரும் பார்க்காதப்ப தண்ணியைத் துப்புறது ஒரு நேர்மை. முடியலன்னா முடியலன்னு சொல்றதும் அதே நேர்மைதான். ரெண்டாவதுதான் கஷ்டம். நன்னிக்கு அதுக்கு இருபது வருஷம் ஆச்சு."

அவர் சொன்னது சரி. கந்த சஷ்டியில் மயங்கி விழுந்ததை எங்களிடம் மறைத்த என் சொந்த அத்தையை அந்தக் கணம் நினைத்துக்கொண்டேன். விரதம் கெட்டுவிட்டதாகப் பேச்சு வருமே என்ற பயம் அவருக்கு. கூடவே இருந்த எங்களில் ஒருவரும் அவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டதில்லை.

பாங்கு ஒலித்தது. இளைஞர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்து, முதல் பேரீச்சம்பழத்தைப் பக்கத்திலிருந்த முதியவருக்குக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயோடு நோன்போ விரதமோ இருப்பவர் உண்டென்றால், அது தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போதே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது, இருக்கலாமா கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.