நூல் வரவில்லை: மில்லுக்கு எப்படி எழுதுவது?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று 15,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 30ஆம் நம்பர் கோம்டு நூல் 3,000 கிலோ வேண்டும். 50 கிலோ பையாக 60 பை. ஜூன் 10ஆம் தேதிக்குள் தருவதாக மில் பி.ஓ.வை ஏற்றுக்கொண்டது. இன்று ஜூன் 13. ஒரு பைகூட வரவில்லை. போன் செய்தால், “லோடு ஏறிக்கிட்டிருக்குங்க, நாளைக்கு வந்துரும்” என்ற பதில்தான் மூன்று நாளாக வருகிறது. இனி எழுத்தில் கேட்டே ஆக வேண்டும்.

எழுத உட்காரும் மெர்ச்சன்டைசர் முதலில் நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். நிட்டிங்குக்கு 5 நாள். சாயப்பட்டறைக்குப் போய், காம்பாக்டிங் முடிந்து துணி திரும்ப 12 நாள். கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை 18 நாள். மொத்தம் 35. சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய நாள் ஜூலை 20. ஆக, ஜூன் 15க்குள் நூல் வந்துவிட்டால் கப்பலைப் பிடித்துவிடலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் தையலில் இரவு வேலையாகவோ, கடைசியில் விமானச் செலவாகவோ தலையில் விழும்.

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பணம் வந்த நாளிலிருந்துதான் டெலிவரி கணக்கு என்று பி.ஓ.வில் இருக்கிறதா? போன பில்லுக்கான பணம் நிலுவையில் நிற்கிறதா? நின்றால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் மில்லிலிருந்து ஒரே வரியில் பதில் வரும்: “பேமென்ட் கிளியர் பண்ணுங்க.” இந்த உதாரணத்தில் நிலுவை எதுவும் இல்லை என்று கொள்வோம்.

இந்த மின்னஞ்சல்கள் நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகின்றன. இங்கே தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். மூன்று நாள் கோபம் கையில் இருக்கும்போது வரும் முதல் வரைவு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

> “நீங்கள் சொன்ன தேதியில் ஒருபோதும் அனுப்புவதில்லை. உங்கள் அலட்சியத்தால் எங்கள் உற்பத்தி நின்றுவிட்டது. உடனடியாக நூல் அனுப்பாவிட்டால் மீதியை வேறு மில்லில் வாங்கிக்கொள்வோம். நஷ்டம் முழுவதும் உங்கள் பொறுப்பு.”

காரம் இருக்கிறது, ஆனால் பிடிமானம் இல்லை. “ஒருபோதும்” என்றால், சரியான நாளில் வந்த ஐந்து லோடின் விவரத்தை மில்காரர் எடுத்துப் போடுவார். பேச்சு அதோடு திசை மாறிவிடும். “உடனடியாக” என்பதற்கு அவர் அகராதியில் ஒரு நாளும் உண்டு, ஒரு வாரமும் உண்டு. உற்பத்தி இன்னும் நிற்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இதில் மிகப் பலவீனமான வரி வேறு மில்லில் வாங்குவோம் என்பதுதான். நூல் தொழிலில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியும். இரண்டு மில்லின் நூலை, ஏன், ஒரே மில்லின் இரண்டு லாட் நூலையே ஒரு துணியில் கலந்து ஓட்டினால், சாயம் ஏறும்போது பட்டை பட்டையாக வித்தியாசம் தெரிந்துவிடும். பின்னும்போது கண்ணுக்குப் படாது. சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகுதான் தெரியும். அதனால் “மீதியை வேறு இடத்தில்” என்பது செய்ய முடியாத மிரட்டல் என்று மில்காரர் புரிந்துகொள்வார். 3,000 கிலோவையும் மொத்தமாக வேறு இடத்தில் வாங்குவது முடியும். ஆனால் இந்த மில்லின் முதல் பை மெஷினில் ஏறுவதற்கு முன்பே அதை முடிவு செய்ய வேண்டும்.

கோபம் ஆறிய பின் எழுதும் இரண்டாவது வரைவு பல சமயம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது:

> “தொந்தரவுக்கு மன்னிக்கவும். உங்கள் வேலைப்பளு புரிகிறது. தாமதமானாலும் பரவாயில்லை, 17ஆம் தேதிக்குள் அனுப்பினால் போதும். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.”

இது முதல் வரைவைவிட ஆபத்தானது என்பேன். “பரவாயில்லை”, “17க்குள் போதும்” என்று எழுதியவுடன் ஜூன் 10 என்ற தேதியை நாமே கைவிட்டதாக ஆகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 63, வாங்குபவர் தாமே காலத்தை நீட்டித்துத் தரலாம் என்கிறது. நாளைக்கு நஷ்டம் பற்றிப் பேசும்போது மில் இந்த மின்னஞ்சலைத்தான் எடுத்து நீட்டும்.

மூன்றாவது வரைவில் மரியாதையும் இருக்க வேண்டும், தேதியும் தப்பக்கூடாது. அதற்குக் கை வைக்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. “நீங்கள் அனுப்பவில்லை” என்று ஆளைச் சுட்டுவதற்குப் பதில் “நூல் வந்து சேரவில்லை” என்று சரக்கை முன்னால் வைக்கலாம். அலட்சியம், பொறுப்பின்மை போன்ற தீர்ப்புகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேதியையும் எடையையும் போடலாம். “உடனே” போய் “இன்று மாலை 5 மணிக்குள்” வரும். கேட்பது ஒன்றாக, மறுமுனையில் இருப்பவரால் செய்ய முடிந்ததாக இருக்க வேண்டும். 60 பையும் நாளைக்கே வராது. ஆனால் மூன்று நிட்டிங் மெஷின் நாளொன்றுக்கு 600 கிலோ ஓட்டும் என்றால், 24 பை வந்தால் இரண்டு நாள் ஓடும்.

> பொருள்: பி.ஓ. 118 – 30 கோம்டு, 3,000 கிலோ – அனுப்பும் தேதி உறுதி தேவை
>
> “வணக்கம் ஐயா. மேற்கண்ட பி.ஓ.வின்படி ஜூன் 10 அன்று வர வேண்டிய 60 பை நூல் இன்றுவரை வந்து சேரவில்லை. இன்று காலை போனில் பேசியபோது, லோடு ஏற்றப்படுவதாகச் சொன்னீர்கள். எங்கள் ஷிப்மென்ட் ஜூலை 20 என்பது பி.ஓ.விலேயே குறிப்பிடப்பட்டுள்ளது.
>
> நிட்டிங் தொடங்க, ஜூன் 15 மாலைக்குள் 24 பையும், 17 மாலைக்குள் மீதி 36 பையும் தேவை. 60 பையும் ஒரே லாட்டாக இருக்க வேண்டும். இந்தத் தேதிகள் எங்கள் உற்பத்தித் திட்டத்துக்காக மட்டுமே, பி.ஓ. தேதியில் மாற்றமில்லை.
>
> இது முடியுமா என்பதை லாட் எண்ணுடன் இன்று மாலை 5 மணிக்குள் எழுதித் தெரிவிக்கவும். முடியாதென்றால் அதையும் இன்றே சொல்லிவிடுங்கள். மொத்த அளவையும் வேறு இடத்தில் வாங்குவதா என்று நாளை மாலைக்குள் நாங்கள் முடிவெடுக்க வேண்டும்.”

இதில் உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மில்லின் மார்க்கெட்டிங் ஆள் இதைத் தன் ஸ்பின்னிங் மேலாளரிடம் அப்படியே காட்டலாம். அதுதான் இதன் பலம். நம்மைத் திட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி அவர் மூடி வைக்க இடமில்லை. லாட் பற்றிய வரியை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. நெருக்கடி கொடுத்தால், கையில் இருக்கிற இரண்டு லாட்டைச் சேர்த்து அனுப்பி எண்ணிக்கையைச் சரிக்கட்டும் மில்களும் உண்டு. அப்போது நாம் கேட்டு வாங்கிய வேகமே நமக்கு வினையாகும். “முடியாதென்றாலும் சொல்லுங்கள்” என்பதும் சும்மா போட்ட வரியில்லை. உண்மையைச் சொன்னால் சண்டை வரும் என்று பயப்படுகிறவர்தான் “நாளைக்கு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மாலையில் பதில் வந்தது: “24 பை 15ஆம் தேதி வந்துவிடும். ஒரே லாட்தான். மீதி அடுத்த வாரத் தொடக்கத்தில்.” பாதி பதில் இது. இப்போது தொனியைச் சற்று இறுக்க வேண்டும். அதற்குச் சொல்லைச் சூடாக்கத் தேவையில்லை. மின்னஞ்சல் யார் யாருக்கு நகல் போகிறது என்பதும் தொனிதான். முதல் மின்னஞ்சல் மார்க்கெட்டிங் ஆளுக்கு மட்டும் போனது. இதற்கு அவருடைய மேலாளரையும் சேர்க்கலாம். முதல் முறையே மில் முதலாளி வரை நகல் போட்டுவிட்டால், அடுத்த முறை ஏற ஒரு படி இருக்காது.

> “வணக்கம் ஐயா. 24 பை பற்றி உறுதி செய்ததற்கு நன்றி. மீதி 36 பைக்குத் தேதி தெரிவிக்கப்படவில்லை. 17ஆம் தேதிக்குப் பின் வந்தால், 18 காலை முதல் மூன்று மெஷின் நிற்கும். சாயப்பட்டறையில் எடுத்து வைத்த நாளும் தவறும். நாளை காலை 11 மணிக்குள் அனுப்பும் தேதியைத் தெரிவிக்கவும். லோடு கிளம்பியதும் எல்.ஆர். நகலையும் இ-வே பில்லையும் அனுப்பவும்.”

எல்.ஆர். நகல் கேட்பதற்குக் காரணம் உண்டு. லோடு கிளம்பியது என்பதற்கு அதுதான் கையில் கிடைக்கும் சான்று. அதைக் கேட்ட பின் “ஏறிக்கிட்டிருக்குங்க” என்ற பதிலுக்கு இடம் குறைகிறது.

மீதி 36 பை வந்தது ஜூன் 20 காலையில். 18, 19 இரண்டு நாளும் மெஷின் நின்றது. இந்த இடத்தில் பலரும் சரக்கு வந்துவிட்ட நிம்மதியில் எதுவும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55 இங்கேதான் வருகிறது. காலம் முக்கியம் என்று செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்தச் சமயத்திலேயே இழப்பீடு கேட்கும் எண்ணத்தைத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. ஆகவே பையை இறக்கும் அன்றே ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். எல்லாவற்றிலும் அமைதியான மின்னஞ்சல் இதுவாகத்தான் இருக்கும்.

> “வணக்கம் ஐயா. 36 பை இன்று காலை 9 மணிக்கு வந்து சேர்ந்தது. லாட் எண் சரியாக உள்ளது, நன்றி. பி.ஓ. தேதி ஜூன் 10. தாமதத்தால் ஏற்பட்ட இழப்பைக் கோரும் உரிமையை வைத்துக்கொண்டே இந்தச் சரக்கை ஏற்கிறோம். கணக்கை உரிய பில்களுடன் 7 நாளில் அனுப்புகிறோம். அதன்பின் நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம்.”

எவ்வளவு கேட்பது? பிரிவு 73இன்படி, தாமதத்தால் இயல்பாக விளைந்த நஷ்டத்தையும், இப்படி ஒரு நஷ்டம் வரும் என்று ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததையும்தான் கேட்க முடியும். ஷிப்மென்ட் தேதியைப் பி.ஓ.விலேயே எழுதி வைப்பது இதற்காகத்தான். தாமதமான பிறகு மின்னஞ்சலில் முதல் முறையாகச் சொன்னால் அந்தப் பலன் இல்லை. இங்கே கப்பல் தவறவில்லை என்றால் விமானச் செலவுப் பேச்சே எழாது. நின்ற மெஷினுக்கான ஜாப் ஒர்க் கட்டணம், தையலில் கூடுதலாகக் கொடுத்த இரவுக் கூலி, இவ்வளவுதான். அதை ஊதிப் பெரிதாக்கினால் முந்தைய மூன்று மின்னஞ்சலும் சேர்த்த நம்பகம் போய்விடும்.

இந்தத் தொகையை, பேசி முடிப்பதற்கு முன்பே மில் பில்லில் கழித்துக்கொள்வது நல்லதல்ல. மில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வட்டி உண்டு. பில்லுக்கான பணத்தைத் தவணை நாளில் அனுப்பிவிட்டு, இழப்புக் கணக்கைத் தனியாக நடத்துவதே சரி. பெரும்பாலும் அது ஒரு டெபிட் நோட்டிலோ, அடுத்த லோடின் விலையில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைப்பதிலோ முடியும். அப்படிப் பேசி முடித்ததையும் அன்று மாலையே இரண்டு வரியில் எழுதி மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும்.