அம்மா அனுப்பிய குரல் பதிவு

"தம்பி, பாப்பா, ரெண்டு பேரும் முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்று ஆரம்பிக்கிறது அந்த வாட்ஸ்அப் குரல் பதிவு. அனுப்பியவர் எனக்குத் தெரிந்த அம்மா, வயது 56. அரசு ஊழியரான கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகன் கோவையில், மகள் சென்னையில்.

"அரை டம்ளர் ரவையில உப்புமா கிண்டி, அதுலயும் பாதியை மறுநாள் மாட்டுக்கு வைக்கிறேன். அப்பாவை மறக்கலப்பா. பேசி வச்சுக்க ஒரு ஆள் வேணும். அந்த வாத்தியாரை உங்களுக்கே தெரியும். அவரும் ஒத்தையாத்தான் இருக்காரு."

மகன் பதில் போடவில்லை. தங்கையிடம் மட்டும், "வீடு என்னாகும்?" என்று கேட்டிருக்கிறான். பேராசை என்று தள்ளிவிட வேண்டாம். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விதவை மறுமணத்தை அனுமதித்த 1856-ஆம் ஆண்டுச் சட்டமே, மறுமணம் செய்பவர் முதல் கணவரின் சொத்தை இழப்பார் என்றும் சொன்னது. அந்தப் பழைய பயம் இன்னும் பேச்சில் உலவுகிறது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விதவைக்கு வரும் பங்கு அவருடைய முழுச் சொத்து. பிறகு மறுமணம் செய்தாலும் பறிபோகாது. இந்த வீடு அப்பா சொந்தமாக வாங்கியது, ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. உயில் எழுதாமல் இறந்ததால் அம்மா, மகன், மகள் மூவருக்கும் தலா 800 சதுர அடி.

சிக்கல் அடுத்த படியில். மறுமணத்துக்குப் பின் அம்மாவும் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய 800 அடி பிள்ளைகளோடு புதுக் கணவருக்கும் சமமாகப் பிரியும். ஏறத்தாழ 267 அடி, அதாவது மொத்த மனையில் ஒன்பதில் ஒரு பங்கு, வாத்தியாருக்குப் போகும். மகன் பயந்தது இதைத்தான். தன் பங்கு பிள்ளைகளுக்கே என்று அம்மா ஓர் உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. பதிவு கட்டாயமில்லை; செய்து வைப்பது நல்லது.

பதிவின் கடைசியில் அம்மாவே சொல்கிறார்: "உயில் எழுதித் தர்றேன். பென்ஷன் நின்னுடும், அதுவும் தெரியும்." குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும் என்பது உண்மை. இதற்காகவே கல்யாணத்தை மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். அம்மாவுக்குத் தையல் வருமானம் கொஞ்சம் இருக்கிறது. வாத்தியாருக்குச் சொந்தப் பென்ஷன். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்.

மகள் அன்று இரவே கூப்பிட்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "அவரோட பசங்ககிட்ட அவரு சொல்லிட்டாராம்மா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா நாளைக்குள் அவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கல்யாணம் ஆகிவிட்டால் வாத்தியாரின் சொத்துக்கு அம்மாவும் வாரிசு. அந்த வீட்டிலும் யாரோ சதுர அடியைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.