சம்பளத்தில் பிடித்தம் என்றால் வாட்ஸ்அப் போதாது

சம்பளம் குறைந்து வந்தால் நம்மவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில், "சார், இந்த மாசம் கம்மியா வந்திருக்கு" என்று ஒரு வரி. "பார்க்கலாம்" என்று பதில் வரும். அடுத்த மாதமும் அதே. பிறகு மேனேஜர் மாறிவிடுவார். புதியவருக்கு எதுவும் தெரியாது. பேரோல் பிரிவைக் கேட்டால், "எங்களுக்கு மெயில் எதுவும் வரவில்லையே" என்பார்கள். எரிச்சலூட்டும் பதில், ஆனால் உண்மையான பதில்.

சென்னையில் ஒரு விற்பனைப் பிரதிநிதி. மாதச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. நவம்பர் 12, 13, 14 தேதிகளில் வாடிக்கையாளர்களைப் பார்க்க வெளியே போனதால் விரல் ரேகை பதியவில்லை. மூன்று நாளும் 'லாஸ் ஆஃப் பே' ஆகிவிட்டது. அந்த மாதம் வரவேண்டிய 6,000 ரூபாய் இன்சென்டிவும் வரவில்லை.

அவர் வங்கிக் கணக்கைப் பார்த்து, "2,820 ரூபாய் குறைகிறது" என்று கேட்கப் போனார். அங்கேதான் தவறு. 30 நாள் மாதத்தில் மூன்று நாளுக்குப் பிடித்தது 3,000. அடிப்படைச் சம்பளம் 13,500 ஆகச் சுருங்கியதால் பி.எஃப். பிடித்தமும் 1,800-லிருந்து 1,620 ஆனது. அதனால்தான் கையில் 180 ரூபாய் குறைவாக இழந்ததுபோல் தெரிகிறது. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப்.-உம் அதே அளவு குறைந்திருக்கும். ஆகவே பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். சம்பளச் சீட்டைப் பாருங்கள். திருத்தும்போது பி.எஃப்.-உம் சேர்ந்து திருத்தப்பட வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டு குறைகளிலும் மேனேஜருக்கும் பேரோலுக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு. வருகைப் பதிவைத் திருத்தி ஒப்புதல் தர வேண்டியவர் மேனேஜர். அதன்பின் நிலுவையைப் போட வேண்டியது பேரோல். இன்சென்டிவைப் பொறுத்தவரை, மேனேஜர் பக்கத்திலிருந்து ஒப்புதல் பட்டியல் வராமல் பேரோல் ஒரு ரூபாயும் போடாது. ஆகையால் ஒரே மெயிலை இருவருக்கும் அனுப்பி, யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்து எழுத வேண்டும். இப்படி:

"பொருள்: நவம்பர் சம்பளம் – பணியாளர் எண் ___ – 3,000 ரூபாய் பிடித்தம், 6,000 ரூபாய் இன்சென்டிவ் நிலுவை.

1. நவம்பர் 12, 13, 14 தேதிகளில் வாடிக்கையாளர் சந்திப்பில் இருந்தேன். சந்திப்புப் பதிவை இணைத்துள்ளேன். மேனேஜர் வருகைப் பதிவைத் திருத்தித் தரவும். பேரோல் பிரிவு 3,000 ரூபாயையும் அதற்குரிய பி.எஃப்.-ஐயும் நிலுவையாகச் சேர்க்கவும்.

2. இன்சென்டிவ் திட்டக் கடிதப்படி எனக்கு 6,000 ரூபாய் வர வேண்டும். கடிதத்தையும் இலக்கு எட்டிய விவரத்தையும் இணைத்துள்ளேன். ஒப்புதல் அனுப்பப்பட்டதா என்று மேனேஜர் தெரிவிக்கவும். மறுக்கப்பட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்.

வரும் ___ தேதிக்குள் பதில் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், கோபம், ராஜினாமா மிரட்டல் எதுவும் வேண்டாம். மாதச் சம்பளக் கணக்கு முடிக்கும் தேதிக்கு முன்பே அனுப்புங்கள். தவறவிட்டால் இன்னொரு மாதம் ஓடிவிடும். மேனேஜர் போனில் கூப்பிட்டு, "போட்டுடலாம்பா" என்றால், "நாம் பேசியபடி டிசம்பர் சம்பளத்தில் சேரும் என்று புரிந்துகொண்டேன்" என்று அதே மெயில் தொடரில் ஒரு வரி எழுதுங்கள். வாய்வார்த்தையை எழுத்தாக்க அது ஒன்றே வழி. வாட்ஸ்அப்பில் அல்ல, மெயிலில்.

பதில் வராவிட்டால்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். வேலைக்கு வராத நாளுக்குப் பிடிக்கலாம். வந்த நாளுக்குப் பிடிக்க முடியாது. சட்டம் அனுமதிக்காத பிடித்தம் என்று மனுக் கொடுத்தால், பாக்கி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. மனுவுக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. தொகையோடு அதன் பத்து மடங்குவரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மெயில் தொடர், சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு மனுவைக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். "விட்டுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்பார்கள். விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்சென்டிவில் இத்தனை உறுதி கிடையாது. கமிஷனை இந்தச் சட்டம் ஊதியம் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. இன்சென்டிவும் அப்படித்தான் என்று நிறுவனம் வாதிடலாம். எனவே அது திட்டக் கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்தே நிற்கும். "நிர்வாகத்தின் விருப்பப்படி", "வழங்கும் நாளில் பணியில் இருப்பவருக்கு மட்டும்" என்ற வரிகள் இருக்கின்றனவா என்று இலக்கை ஒப்புக்கொள்ளும்போதே படியுங்கள்.

சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் படம், இந்த மெயில் தொடர் மூன்றையும் மாதாமாதம் சொந்தமாகச் சேமித்து வையுங்கள். வேலையை விட்ட அன்றே நிறுவனத் தளம் உங்களுக்கு மூடப்பட்டுவிடும். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதைக் காரணம் காட்டி உங்கள்மீதே நடவடிக்கை எடுப்பார்கள். கணக்கு முடிக்கும்போது நீட்டப்படும் "பாக்கி ஏதுமில்லை" படிவத்தில், பணம் வராத நிலையில் கையெழுத்திட நேர்ந்தால், "நவம்பர் மாத 3,000 ரூபாயும் இன்சென்டிவ் 6,000 ரூபாயும் நீங்கலாக" என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் கீழ் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.