விற்பனை சரிந்ததா, கணக்கு தவறியதா?

2023 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் கொடுத்திருந்த அமெரிக்கக் கடைக்காரர்கள் பலர் காலையில் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். நாள் முழுவதற்கும் ஒதுக்கிய பணம் அதிகாலையிலேயே தீர்ந்திருந்தது. ஒரு விளம்பரத்தை ஆயிரம் முறை காட்டுவதற்கான விலை கடுமையாக ஏறியிருந்தது. அதற்கேற்ற விற்பனை வரவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்று மெட்டா நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. அங்கே எண் எதுவும் தவறாகக் காட்டப்படவில்லை. பணம் உண்மையிலேயே போயிருந்தது.

ஆனால், செலவு ஒரே நாளில் எகிறுவதெல்லாம் கோளாறு அல்ல. கூகுள் விளம்பரத்தில் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் என்று பட்ஜெட் வைத்தால், ஏதாவது ஒரு நாளில் 2,000 ரூபாய் வரை செலவாகலாம். 2017 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. மாதக் கணக்கில் மட்டும் தினசரித் தொகையைப் போல 30.4 மடங்குக்கு மேல், அதாவது 30,400 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டார்கள். இது தெரியாதவர் ஒரு நாள் இரட்டிப்புச் செலவைக் கண்டு பதறி விளம்பரத்தையே நிறுத்திவிடுவார். முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கணக்கிலேயே இருக்கும் மாற்றப் பதிவேடு. பட்ஜெட்டை யாராவது கூட்டினார்களா, புதிய விளம்பரம் ஏதாவது ஓடத் தொடங்கியதா என்பது தேதியும் நேரமுமாக அதில் பதிவாகியிருக்கும்.

செலவைவிடச் சிக்கலானது ஆர்டர் எண்ணிக்கையின் சரிவு. அதில் எளிதாக ஏமாற்றுவது நேற்றைய எண். திங்களன்று விளம்பரத்தைத் தொட்டவர் புதனன்று பொருளை வாங்கினால், கூகுள் அந்த ஆர்டரைத் திங்கள் கணக்கில்தான் சேர்க்கும். அதனால் கடைசி இரண்டு மூன்று நாட்கள் எப்போதும் மெலிந்தே தெரியும். நாள் செல்லச் செல்ல நிரம்பும். ஆர்டர் நடந்த நாளின்படியே எண்ணிக் காட்டும் தனிப் பத்தி ஒன்றும் கூகுளில் இருக்கிறது. தினசரிச் சோதனைக்கு அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழனை வியாழனோடுதான் ஒப்பிட வேண்டும். ஞாயிறோடு ஒப்பிட்டால் கடையின் வாராந்தர ஏற்ற இறக்கமே கோளாறு போலத் தெரியும். சிறிய எண்களுக்கு இன்னொரு பொறுமையும் தேவை. நாளுக்குச் சராசரியாக 9 ஆர்டர் வரும் கடையில், எந்தக் காரணமும் இல்லாமலே ஒரு நாள் 4, ஒரு நாள் 14 என்று வரும். அங்கே 5 ஆர்டர் வந்த ஒரு நாளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இனி ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டிலிருந்து இணையம் வழியாகப் போர்வையும் துண்டும் விற்கும் கடை என்று வைத்துக்கொள்ளலாம். வழக்கமான வியாழக்கிழமையில் விளம்பரத்துக்கு 12,000 ரூபாய் செலவு. 40 ஆர்டர் வந்ததாக விளம்பரக் கணக்கு காட்டும். நேரடியாக வருபவர்களையும் சேர்த்தால் கடையின் சொந்த ஆர்டர் ஏட்டில் 64 இருக்கும். இந்த வியாழன் செலவு அதே அளவு, கிளிக்குகளும் அதே அளவு. ஆனால் விளம்பரக் கணக்கு காட்டுவது வெறும் 17 ஆர்டர்.

விளம்பரப் படம் பழசாகிவிட்டது, போட்டிக் கடை தள்ளுபடி போட்டிருக்கிறது என்று உடனே காரணம் தேடத் தோன்றும். அதற்கு முன்னால் ஆர்டர் ஏட்டைப் பார்க்க வேண்டும். அதில் 61 இருக்கிறது. பணமும் வங்கிக்கு வந்திருக்கிறது. வழக்கமாக ஏட்டில் உள்ள நூறு ஆர்டரில் சுமார் 62 விளம்பரக் கணக்கில் தெரியும். அன்று 28தான் தெரிகிறது. விற்பனை அப்படியே இருக்க, எண்ணும் இடத்தில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

எங்கே அறுந்தது என்பதை அறிய, எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணினியில் வழக்கமாக 9 ஆர்டர், அன்றும் 9. கைபேசியில் வழக்கமாக 31, அன்று 8. உண்மையான மந்தம் இப்படிக் கைபேசியை மட்டும் பார்த்துத் தாக்குவது அரிது. ஏட்டில் அன்றைய கைபேசி ஆர்டர்களைப் புரட்டினால், விளம்பரக் கணக்குக்குப் போய்ச் சேராதவை பெரும்பாலும் யூபிஐ வழியாகப் பணம் கட்டியவை. புதன் மாலை பணம் செலுத்தும் பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள். வாங்குபவர் யூபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டுகிறார். புதிய பக்கம் அவரைக் கடையின் தளத்துக்குத் தானாகத் திருப்பி அழைப்பதில்லை. அவர் செயலியை மூடிவிட்டுப் போய்விடுகிறார். ‘நன்றி’ சொல்லும் பக்கம் திறந்தால்தான் ஆர்டரை எண்ணும் நிரல் ஓடும். அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. கணினியில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்பவருக்குத் திரையில் பக்கம் திறந்தபடியே இருப்பதால், அங்கே எண்ணிக்கை குறையவில்லை. கைபேசியில் ஒரு ஆர்டரைத் தாமே போட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் இது உறுதியாகிவிடும்.

பணம் வந்து சேர்ந்ததும் கடையின் சர்வரே விளம்பரக் கணக்குக்குச் செய்தி அனுப்பும்படி செய்வது இதற்கு நிலையான தீர்வு. ஒவ்வொரு செய்தியோடும் ஆர்டர் எண்ணும் போக வேண்டும். இல்லாவிட்டால், சர்வர் ஒரு முறையும் நன்றிப் பக்கம் ஒரு முறையுமாக ஒரே ஆர்டர் இரண்டாக எண்ணப்பட்டு, அடுத்த வாரம் இல்லாத வளர்ச்சி ஒன்று தெரியும்.

இதில் தாமதம் செய்தால் பொய்ச் சரிவு மெய்யாகிவிடும். இன்று பெரும்பாலான விளம்பரங்களுக்கு ஏல விலையை நிர்ணயிப்பது தானியங்கி முறை. தனக்கு வந்து சேரும் ஆர்டர் கணக்கை வைத்தே அது கற்றுக்கொள்கிறது. எண்ணிக்கை 17 ஆகிவிட்டால், விளம்பரம் பலிக்கவில்லை என்று கருதி ஏலத் தொகையைக் குறைக்கும். விளம்பரம் குறைவாகத் தெரியும். சில நாட்களில் ஏட்டிலும் விற்பனை விழத் தொடங்கும். இதற்காகவே கூகுளில் Data exclusions என்ற வசதி இருக்கிறது. பழுதடைந்த நாட்களை அதில் குறித்துவிட்டால், தானியங்கி முறை அந்த நாட்களின் கணக்கைப் பாடமாக எடுத்துக்கொள்ளாது. கிளிக் நடந்த நாளை வைத்தே அது விலக்குவதால், ஆர்டர் தாமதமாக வரும் கடைகள் பழுதுக்கு முந்தைய சில நாட்களையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

அதே வியாழன் ஏட்டிலும் 35 ஆர்டர்தான், விளம்பரக் கணக்கில் 22 என்று இருந்திருந்தால் கதை வேறு. நூற்றுக்கு 63 என்ற விகிதம் கெடவில்லை, விற்பனைதான் விழுந்திருக்கிறது. அப்போது தேட வேண்டிய இடம் கடைக்குள்ளே. கூடையில் பொருள் போட்டவர்கள் வழக்கமான அளவு இருந்து, பணம் கட்டியவர்கள் மட்டும் குறைந்திருந்தால் கட்டணப் பக்கமோ அனுப்பும் செலவோ காரணமாக இருக்கலாம். கூடையில் போடுவதே குறைந்திருந்தால், நன்றாக விற்கும் துண்டு இருப்பில் இருக்கிறதா, விலை மாறியதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாச் சரிவும் இப்படி இரண்டில் ஒன்றாகப் பிரிந்துவிடாது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஐஓஎஸ் 14.5 மூலம், செயலிகள் தம்மைப் பின்தொடரலாமா என்று பயனரிடமே கேட்கத் தொடங்கியது. பலர் மறுத்தார்கள். ஐஃபோன் வழியாக இணையதளங்களில் நடக்கும் ஆர்டர்களில் சுமார் 15 சதவீதம் தன் கணக்கில் குறைவாகத் தெரிவதாக அந்தச் செப்டம்பரில் மெட்டாவே அறிவித்தது. யாருக்கு விளம்பரம் காட்டுவது என்று தெரிந்துகொள்ள உதவிய தகவலும் கூடவே குறைந்ததால், விளம்பரத்தின் பலனும் உண்மையிலேயே தேய்ந்தது. 2022-இல் இதனால் தனக்கு ஏற்படும் இழப்பை மெட்டா சுமார் 1,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அந்த மாதங்களில் விகிதத்தை மட்டும் பார்த்தவர் அளவையின் குறையைக் கண்டிருப்பார். ஏட்டின் மொத்த எண்ணையும் பார்த்தவரால்தான் வியாபாரத்தின் குறையையும் காண முடிந்தது.

இணையத்தில் விளம்பரம் கொடுத்து விற்பவர்கள் தினசரித் தாளில் இரண்டு பத்திகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் சொந்த ஏட்டின் ஆர்டர் எண்ணிக்கை, இன்னொன்றில் அதில் எத்தனை சதவீதம் விளம்பரக் கணக்கில் தெரிகிறது என்பது. தளத்தில் எதை மாற்றினாலும் மாற்றிய தேதியையும் நேரத்தையும் அதே தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.