கால் வீக்கத்தில் விழும் குழி

கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. 2 மி.மீ. ஆழம் முதல் நிலை, 8 மி.மீ. நான்காம் நிலை. ஆனால் ஆழம் காரணத்தைச் சொல்லாது.

ஒரு சிறுவனுக்குக் காலையில் கண்ணிமை வீங்குகிறது, சிறுநீர் நுரைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய சிறுநீரக வடிகட்டி ஆல்புமின் புரதத்தை நழுவவிடுகிறது. நீரை ரத்தக்குழாய்க்குள் பிடித்துவைப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அது குறைந்தால் நீர் திசுக்களில் கசியும். போதாக்குறைக்குச் சிறுநீரகம் உப்பையும் தேக்கும்.

இதயம் தளர்ந்தவருக்கு ஆல்புமின் சரியாகவே இருக்கலாம். சிரைகளில் அழுத்தம் ஏறுவதால்தான் நீர் கசிகிறது. மாலையில் கால் வீங்கும். படுத்தால் மூச்சு முட்டும்.

காரணம் தெரியாமல் நீர் மாத்திரையை நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.