வெட்டுக்காயத்தைவிட ஆணி குத்தியது ஆபத்தா?

கத்தி கிழித்தால் ரத்தம் நன்றாக வழியும். உள்ளே போன அழுக்கில் ஒரு பகுதி அதோடு வெளியேறும். காயமும் திறந்திருப்பதால் கழுவ முடியும். ஆணிக்காயம் அப்படியல்ல. ஆணியைப் பிடுங்கியதும் தோல் சுருங்கி வாய் மூடிக்கொள்ளும். ஓரிரு சொட்டு ரத்தம்தான் வரும். ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு; டெட்டனஸ் கிருமி வளர அதுவே தோதான இடம். இதற்குத் துருப்பிடித்த ஆணிதான் வேண்டும் என்பதில்லை; மண் ஒட்டிய புது ஆணியும் போதும்.

ஷூ போட்டிருந்தால் இன்னொரு சிக்கல். ஆணி, சோலின் ஸ்பாஞ்சையும் சாக்ஸ் நூலையும் துணுக்காகக் கிள்ளி உள்ளே தள்ளிவிடும். வியர்வையில் ஊறிய ஸ்பாஞ்சில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வாழும். விரல்களுக்குக் கீழுள்ள மேட்டில் குத்தினால் எலும்பும் மூட்டும் மிக அருகில் இருக்கும். வலி குறைந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மீண்டும் வலியும் வீக்கமும் வந்து, கால் ஊன்ற முடியாமல் போனால் எலும்பில் தொற்று இருக்கலாம். காய்ச்சல் வராமலும் இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாது.

குத்தியதும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். குச்சி விட்டுக் கிளறாதீர்கள். டாக்டரிடம் போகும்போது ஷூவையும் எடுத்துச் செல்லுங்கள். துளையில் ஸ்பாஞ்ச் குறைந்திருந்தால் அது பாதத்துக்குள் இருக்கலாம். கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.