பூட்டை உடைக்காமல் போகும் பணம்

கடைக்கும் குடோனுக்கும் தீ விபத்து பாலிசி, திருட்டு பாலிசி இரண்டும் எடுத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். திருட்டு பாலிசி பொதுவாகப் பூட்டை உடைத்தோ சுவரைத் துளைத்தோ உள்ளே வந்தவன் கொண்டுபோனதற்குத்தான் பணம் தரும். சாவியை நாமே கொடுத்து வைத்திருக்கும் ஊழியர் சரக்கை எடுத்தால் அதில் வராது. அதற்கென்று தனியாக ஒரு பாலிசி இருக்கிறது. பெயர் ஃபிடிலிட்டி கியாரண்டி. தனியாகவும் எடுக்கலாம், கடைக்காரர்களுக்கான தொகுப்பு பாலிசியில் ஒரு பிரிவாகவும் சேர்த்துக்கொள்ளலாம். ஊழியர் தன் வேலையைச் செய்யும்போது மோசடி, கையாடல், போலி ரசீது போன்றவற்றால் முதலாளிக்கு ஏற்படுத்தும் நேரடிப் பண நஷ்டத்தையும் சரக்கு நஷ்டத்தையும் இது ஈடுசெய்யும்.

எடுத்துவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. நஷ்டம் வந்த பிறகு இந்த பாலிசி கையைவிட்டுப் போவது பெரும்பாலும் முதலாளியின் நல்ல மனதால்தான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது விளங்கும்.

விருதுநகர் பக்கம் பிஸ்கட், சோப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஓர் ஏஜென்சி என்று வைத்துக்கொள்வோம். லைனுக்குப் போகும் சேல்ஸ்மேன் கடை கடையாகப் பழைய பாக்கியை வசூலித்து ரசீது கிழித்துக் கொடுக்கிறார். ரசீது புத்தகத்தில் மேல் தாள் கடைக்காரருக்கு, கார்பன் நகல் அலுவலகத்துக்கு. கடைக்காரர் 4,500 ரூபாய் கொடுக்கிறார். சேல்ஸ்மேன் கார்பனை உருவிவிட்டு மேல் தாளில் 4,500 என்று எழுதித் தருகிறார். பிறகு நகலில் 2,500 என்று தனியாக எழுதிக்கொள்கிறார். அலுவலகக் கணக்கில் அந்தக் கடைக்கு 2,000 பாக்கி நிற்கிறது. கேட்டால், “அண்ணாச்சி, அவங்களுக்கு வியாபாரம் டல்லு. அடுத்த வாரம் தர்றேன்னாங்க” என்பது பதில். மாதக்கணக்கில் ஓடும். வழக்கமாகச் சரியாகக் கட்டும் சின்னக் கடைகளில் பாக்கி மெல்ல ஏறிக்கொண்டே போவதுதான் இதற்கு முதல் அடையாளம். நகலில் எழுத்து கார்பன் நீலமாக இல்லாமல் பேனா மையாக இருப்பது இரண்டாவது.

2025 மே மாதம் அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போடுகிறார். லைனுக்கு வேறொரு பையன் போகிறான். “எனக்கு எங்கப்பா பாக்கி? இந்தா ரசீது” என்று ஒரு கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார். அதன் பிறகு கடை கடையாக மேல் தாள்களைச் சேர்த்து நகலோடு ஒப்பிட்டால் மொத்த வித்தியாசம் 2,80,000 ரூபாய். பாலிசி 2024 ஏப்ரல் 1-ல் தொடங்கி, அடுத்த ஆண்டும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த சேல்ஸ்மேனுக்குப் போட்டிருக்கும் வரம்பு 2 லட்சம். அப்படியானால் 2 லட்சம் வந்துவிடுமா?

வராது. வித்தியாசத்தில் 60,000 ரூபாய் பாலிசி தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. முந்தைய காலத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால் தவிர அது கழிந்துவிடும். மீதியில் 1,40,000 ரூபாய் 2024 ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை போனது. இன்னும் 80,000 ரூபாய் 2025 ஜனவரிக்குப் பிறகு போனது. அந்த ஜனவரியில்தான் சிக்கல். அப்போது 6,000 ரூபாய் விஷயம் ஒன்றில் அவர் கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார். அழுதிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கட்டியிருக்கிறார். “குடும்பஸ்தன், ஒரு தடவை விட்டுடுவோம்” என்று முதலாளி அதே லைனுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறார்.

ஓர் ஊழியர் நேர்மை தவறினார் என்று முதலாளிக்குத் தெரிந்த நிமிடத்திலிருந்து அந்த ஊழியருக்கான பாதுகாப்பு முடிந்துவிடும். இது பொதுவாக எல்லா ஃபிடிலிட்டி பாலிசிகளிலும் இருக்கும் விதி. ஆகவே ஜனவரிக்குப் பிறகான 80,000 போய்விட்டது. எஞ்சிய 1,40,000-க்கும் கேள்வி வரும். மோசடி தெரிந்தவுடன் நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் நிபந்தனை. “ஜனவரியிலேயே சொல்லியிருந்தால் அப்போதே எல்லா ரசீதையும் பார்த்திருக்கலாமே” என்று நிறுவனம் கேட்டால் பதில் சொல்வது கடினம். அதையும் தாண்டி ஒப்புக்கொண்டாலும், அவருக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கி 9,000, அவர் கட்டியிருந்த டெபாசிட் 11,000, ஆக 20,000 ரூபாயை நஷ்டத்திலிருந்து கழிப்பார்கள். மிஞ்சுவது 1,20,000. முதலாளி ஏற்க வேண்டிய தொகை என்று பாலிசியில் ஏதாவது இருந்தால் அதுவும் போகும்.

மன்னிப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன ஊரில் தெரிந்த குடும்பத்துப் பிள்ளையை போலீசுக்கு இழுக்க யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மன்னித்தால், பணமும் சரக்கும் கையில் வராத வேலைக்கு மாற்றிவிட்டு, நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போட்டுவிட வேண்டும். கிளெய்ம் கேட்பதென்றால் போலீஸ் புகார் பெரும்பாலும் கட்டாயம். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவில் வருகிறது. வழக்கு நடத்தச் சொல்லி நிறுவனம் கேட்டால் முதலாளி ஒத்துழைக்கவும் வேண்டும். புகாரும் கொடுக்க மாட்டேன், பணமும் வேண்டும் என்பது இந்த பாலிசியில் நடக்காது.

சரக்கு விஷயம் இதைவிடக் கடினம். வருஷக் கடைசியில் குடோனை எண்ணிப் பார்த்து, கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 40,000 ரூபாய் சரக்கு குறைவு என்று கண்டுபிடித்தால் அதற்குப் பணம் கிடைக்காது. எலி தின்றதோ, பில் போடத் தவறியதோ, கம்பெனி குறைத்து அனுப்பியதோ யாருக்குத் தெரியும்? இன்ன ஆள், இன்ன விதத்தில் எடுத்தார் என்று காட்ட வேண்டும். வேனில் ஏறிய பெட்டிகளின் எண்ணிக்கையும் அன்றைய பில்லும் ஒத்துப்போகாத லோடிங் சீட்டு, அதில் குடோன் ஆளின் கையெழுத்து, கேமரா பதிவு போன்றவைதான் சர்வேயர் கேட்கும் சான்று. வருஷத்துக்கு ஒரு முறை எண்ணும் குடோனில் இவை எதுவும் மிஞ்சியிருக்காது. மாதம் ஒரு முறை எண்ணினால், எந்த மாதத்தில் யார் பொறுப்பில் குறைந்தது என்றாவது பிடிபடும்.

இந்த இடத்தில் ப்ரபோசல் ஃபார்மை நினைத்துக்கொள்ள வேண்டும். “கல்லாவை எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்கள், ஸ்டாக்கை எப்போது எண்ணுகிறீர்கள், முந்தைய முதலாளியிடம் விசாரித்தீர்களா” என்று அதில் கேட்டிருப்பார்கள். ஏஜென்ட் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாக நிரப்பிக் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார். “மாதா மாதம்” என்று எழுதியிருந்தால் மாதா மாதம் செய்தாக வேண்டும். செய்யவில்லை என்பதே கிளெய்மை மறுக்கப் போதும். அந்த ஃபார்மின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியபடி செய்ய முடியாவிட்டால் எழுதியதை மாற்றச் சொல்லுங்கள்.

வரம்பை எவ்வளவு வைப்பது? ஒரு நாள் வசூலைப் பார்த்து 25,000 என்று வைப்பவர்கள் உண்டு. சேல்ஸ்மேன் ஒரே நாளில் பையோடு ஓடுவது அபூர்வம், மெல்லத்தான் எடுப்பார். கடைகளுக்கு நேரடியாகப் பாக்கி விவரம் அனுப்பி ஒப்புதல் வாங்குவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால், கண்ணில் படாமல் ஆறு மாதத்தில் எவ்வளவு போகக்கூடும் என்பதே அளவு. ஆள் அடிக்கடி மாறும் இடத்தில், பெயர் போட்டு எடுப்பதைவிட வேலையின் பெயரால் எடுப்பது நல்லது. கமிஷனுக்கு வேலை பார்ப்பவர், ஏஜென்சி மூலம் வந்தவர் இவர்களை ஊழியராக ஏற்பார்களா என்று முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பங்குதாரர் செய்யும் மோசடி இதில் சேராது.

பாலிசி முடிந்த பிறகு மோசடி தெரியவந்தாலும் வழி உண்டு. பல பாலிசிகள் முடிந்த நாளிலிருந்தோ ஊழியர் வேலையைவிட்டுப் போன நாளிலிருந்தோ, எது முந்தியதோ அதிலிருந்து 12 மாதம் அவகாசம் தருகின்றன. சிலவற்றில் இது குறைவு. ஆகவே ஒருவர் வேலையைவிட்டு நின்றால், அவர் வசூலித்த கடைகளுக்கெல்லாம் அந்த மாதமே ஒரு நடை போய் மேல் தாள்களைப் பார்த்துவிட வேண்டும்.